சாம்பிளுக்குக் கொஞ்சம் பஜ்ஜி

எனக்குச் சமைக்கத் தெரியாது. ஆனாலும் எழுபதுகளின் பிற்பாதி முழுக்கத் திருவண்ணாமலையில் நான் ஒரு சமையல்காரன். ஒரு தடவை கல்யாண வீட்டில் அவசரத்துக்கு என்னை ரசத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். நானும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அது பொங்கி அடுப்பை அணைக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சமைத்தவர் என் மனைவியின் அண்ணன், என் மச்சான். பேசியவன் நான். ஆர்டர் பிடிப்பது, எத்தனை இலை விழும் என்று கேட்டுச் சாமான் எழுதிக் கொடுப்பது, கூலி பேசுவது, பந்தியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நெய் ஊற்றுவது எல்லாம் என் வேலை. அரிசி, பருப்பு, எண்ணெய், விறகு எல்லாம் கல்யாண வீட்டார் வாங்கி இறக்கிவிடுவார்கள். எங்களுக்குக் கூலி மட்டும்தான். எங்களோடு அரைக்கவும் நறுக்கவும் ஒரு அக்கா வருவார். கீழ்பென்னாத்தூர்க்காரர். அவர் வாயும் அம்மியும் ஒரே நேரத்தில் ஓடும்.

ஒரு வருஷம் சித்திரையில் மச்சான் ஒரு குண்டு போட்டார். வேலூரில் ஒரு ஹோட்டலில் கூப்பிடுகிறார்களாம். மாசச் சம்பளம், தங்க இடம், தினமும் ஒரே இடத்து அடுப்பு. "ஆடிக்குள்ள ஒரு பெரிய கண்ணாலம் படியலன்னா நான் கெளம்பிடுவேன் மாப்ள. இந்தச் சில்லறை வளைகாப்பெல்லாம் வெச்சிக்கினு பொழப்பு ஓடாது" என்றார். அவர் கிளம்பினால் எனக்கு மிச்சம் இருப்பது ஒரு வாயும் ஒரு நெய்க்கரண்டியும்தான். அதை வைத்துக்கொண்டு ஊரில் வேறு என்ன தொழில் செய்வது? அரசியலுக்குத்தான் போகவேண்டும்.

பயத்தோடு பயமாக எனக்குச் சந்தேகமும் ஜாஸ்தி. கோயிலில் பொங்கல் கொடுத்தால்கூட இன்றைக்கு எதற்கு இவ்வளவு நெய் என்று கேட்கிற ஆள் நான் என்று என் மனைவி சொல்வாள். அந்தச் சந்தேகத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. முன்னொரு முறை தேரடித் தெருப் பக்கத்திலிருந்து ஒருத்தர் வந்தார். பேத்தி கல்யாணம் என்றார். பாதுஷா எப்படி வரும் என்று வீட்டுப் பெரியவர்களெல்லாம் ருசி பார்க்கவேண்டும், சாம்பிளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுங்கள் என்றார். பெரியவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை. ஒரு பெரிய தூக்கு நிறைய எங்கள் சர்க்கரையில் எங்கள் எண்ணெயில் போட்டுக் கொடுத்தோம். நாலு நாள் கழித்து எங்கள் பால்காரர் வந்து, நேற்று ஒரு வளைகாப்பில் பாதுஷா சாப்பிட்டேன், உங்க கைப்பக்குவம் மாதிரியே இருந்தது என்று மெச்சினார். எங்கள் கைப்பக்குவம் மாதிரி இருந்ததற்குக் காரணம் இருந்தது. அந்தப் பேத்தி இன்னும் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள் என்பது அப்புறம் தெரிந்தது.

அன்றோடு மச்சான் ஜாரணிக் கரண்டியைத் தூக்கி என் முகத்துக்கு நேரே நீட்டிச் சொல்லிவிட்டார். சாம்பிள் கிடையாது. ருசி பார்க்கவேண்டுமானால் நாம் சமைக்கிற இடத்துக்கு வந்து சாப்பிட்டுப் பார்க்கட்டும். ஊரே சாப்பிடுகிற சோறுதான் நம்ம சாம்பிள்.

இப்படி ஒரு சட்டம் போட்ட பிறகுதான் எண்ணெய் மில்காரர் வந்தார்.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மணிலாக்கொட்டை ஆட்டுகிற மில் அவருக்கு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பக்கத்தில் உட்கார்ந்தால் கடலை எண்ணெய் வாசம். அவர் மகளுக்கு ஆவணியில் கல்யாணம், ஊரே திரண்டு வரும், அந்தப் பக்கத்து நாலு கிராமமும் வரும் என்றார். நான் வாயைப் பிளந்தேன். மச்சான் அடுப்பிலிருந்து திரும்பாமலே காதை மட்டும் திருப்பினார். அப்புறம் மில்காரர் மெதுவாகச் சொன்னார்: "வர புதங்கெழம நம்ம வூட்டுக்கு வந்து சாம்பிளுக்குக் கொஞ்சம் பண்ணிக் காட்டுங்க. ஒரு இருவது இருவத்தஞ்சி பேருக்கு. புடிச்சிருந்தா கண்ணாலம் உங்களுக்குத்தான்."

இருபத்தைந்து பேருக்கு என்னென்ன பண்ணவேண்டும் என்று கேட்டேன். கேசரி என்றார். சரி. அப்புறம் பஜ்ஜி என்றார். வாழைக்காய் பஜ்ஜி. அப்புறம் காபி.

எனக்கு உள்ளே மணி அடித்தது. ஆயிரம் பேர் சாப்பிடுகிற கல்யாணத்துக்குச் சமையல் தெரியுமா என்று பார்க்க எவனாவது பஜ்ஜி போடச் சொல்வானா? சாம்பார் வைக்கச் சொல்லலாம். காரக்குழம்பு, பாயசம் பண்ணச் சொல்லலாம். கேசரியும் பஜ்ஜியும் எப்போது பண்ணுவார்கள் என்று தமிழ்நாட்டில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். பெண் பார்க்க வரும்போது.

ஆகப் புதன்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். பெண்ணையே இன்னும் பார்க்கவில்லை என்றால் ஆவணியில் எந்தக் கல்யாணம்? மாப்பிள்ளை எந்த ஊருங்க என்று நைசாகக் கேட்டுப் பார்த்தேன். எல்லாம் நம்ம பக்கம்தான் என்றார். நம்ம பக்கம் என்றால் மலையைச் சுற்றி எட்டுத் திசையும் நம்ம பக்கம்தான்.

நான் முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு எங்கள் சட்டத்தைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை டவுனில் ஒரு சத்திரத்தில் எங்களுக்குக் கல்யாணச் சமையல் இருக்கிறது. மொதலாளி வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள். கூட்டத்துக்குச் சமைத்தது எப்படி இருக்கிறதென்று கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். வராமல் நழுவிவிடுவார் என்று நினைத்தேன். அவரோ, அதுவும் நல்ல ரோசனைதான், வரேன் என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

கல்யாண வீட்டுப் பெரியவரிடம் முன்கூட்டியே சொல்லி ஒரு இலைக்கு அனுமதி வாங்கி வைத்தேன். சமையல்கட்டுப் பக்கமாகக் கூட்டி வந்து கடைசிப் பந்தியில் ஓரமாக உட்கார வைப்பதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை நான் பின்வாசலில் காத்துக்கொண்டிருக்க, மில்காரர் முன்வாசல் வழியாகப் பங்காளிகள் நாலு பேரோடு வந்து இறங்கினார். வாசலில் பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அவர் வேட்டியைப் பார்த்தார்கள். பெண் வீட்டார் இவரை மாப்பிள்ளை வீடு என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீடு என்று நினைத்தார்கள். இரண்டு பக்கமும் போட்டி போட்டுக்கொண்டு வாங்க வாங்க என்று முதல் பந்தியில் கொண்டுபோய் உட்கார்த்தினார்கள். நான் நெய்க்கரண்டியோடு ஓடினேன். வேறென்ன செய்ய?

மனிதர் ருசித்துச் சாப்பிட்டார். இரண்டாவது தடவை சாம்பார் கேட்டார். வடையைப் பிட்டுப் பார்த்துப் பங்காளியிடம் ஏதோ சொன்னார். எனக்கோ, சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு அப்படியே பஸ் ஏறிவிடுவார், ஓசிச் சாம்பிள் அஞ்சு இலையாகப் பெருகியதுதான் மிச்சம் என்று வயிறு எரிந்தது. பின்னாலேயே போனேன். அவர் நேராக மொய் எழுதுகிற இடத்தில் போய் நின்றார். ஊர் பேரைச் சொல்லி, தன் பேரைச் சொல்லி, மொய் எழுதிவிட்டுத் தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டார். தெரியாத ஒரு குடும்பத்தின் கல்யாணத்துக்கு!

என்னைப் பார்த்துச் சிரித்தார். "எல போட்டு ஒக்காந்துட்டு, வெறுங்கையோட எழுந்து போவறதா? உன் சாம்பிள் எனக்கு ஓசில வர்லப்பா."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் மனம் குளிர்ந்திருக்கும். என் சந்தேகம் இன்னும் கெட்டியானது. முன்பின் தெரியாதவனுக்கு மொய் எழுதுகிறவன், அதைவிடப் பெரிசாக எதையோ என்னிடமிருந்து பிடுங்கப் பார்க்கிறான் என்றே தோன்றியது.

சமையல்கட்டுக்கு வந்து, சாப்பாடு ஜோர் என்று மச்சானிடம் சொன்னார். ஆனால் புதன்கிழமை கட்டாயம் வரவேண்டும் என்றார். நான் பேச வாயெடுக்கும் முன்னே மச்சான் முந்திக்கொண்டார். "சாம்பிள் நீங்க இப்பதான் சாப்டீங்க மொதலாளி. புதங்கெழம நாங்க வந்தா அது வேல. சாமான் உங்களுது, கூலி எங்களுது. கண்ணாலம் எங்களுக்குக் குடுத்தீங்கன்னா அந்தக் கூலிய அதுல கழிச்சிக்கறோம்." மில்காரர் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். கண்ணாலத்தைக் கொடுத்தால் ஒன்றும் செலவில்லை, கொடுக்காவிட்டால் பஜ்ஜிக்குக் கூலி, அவ்வளவுதானே என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு மடியிலிருந்து கூலியை எடுத்து அங்கேயே கொடுத்துவிட்டார். இத்தனை வருஷமாகக் கூலி பேசுவது நான். இதைப் போல ஒரு தடவைகூட நான் பேசியதில்லை.

செவ்வாய்க்கிழமை அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த எங்கள் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். பெண் வீட்டுக்காரரே வந்து கல்யாணத்தைத் தருவதாகச் சொல்லிவிட்டார் என்று பெருமையாகச் சொன்னேன். அக்கா அரைப்பதை நிறுத்தினார். நான் அறிந்து அவர் அரைப்பதை நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

"இன்னா தம்பி சொல்ற? அவுங்க ஆளுங்கள்ல மாப்ள வூட்லதான் கண்ணாலம். சமையக்காரன் மாப்ள வூட்டு ஆளு. பொண்ணப் பெத்தவரு எப்டி உனுக்குக் கண்ணாலத்த எடுத்துக் குடுப்பாரு?"

ஆக, மில்காரர் கையில் கொடுப்பதற்குக் கல்யாணமே இல்லை. இல்லாத கல்யாணத்தைக் காட்டிப் பெண் பார்க்கிற பஜ்ஜியை ஓசியில் போட்டுக்கொள்ளப் பார்த்திருக்கிறார். என் சந்தேகம் ஜெயித்துவிட்டது. ஆனால் ஜெயித்ததில் ஒரு சந்தோஷமும் இல்லை. ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது. வேலூர் பஸ் என் கனவில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

போகவே வேண்டாம் என்றேன். மச்சான் கேட்கவில்லை. "கூலி வாங்கியாச்சில்ல? அவரு பொய் சொன்னது அவர் பாடு. பஜ்ஜி போட்டுக் குடுத்துட்டு வந்துடலாம்."

புதன்கிழமை மத்தியானம் மில்காரர் வீட்டு அடுப்படியில் நுழைந்தோம். அவர் மனைவி ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு எங்களையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முன்பு ஒரு சமையல்காரன், மைசூர்பாகு சாம்பிள் என்று கடையில் வாங்கிக் கொண்டுவந்து தன் கைவேலை என்று நீட்டினானாம். அதிலிருந்து கண்ணால் பார்க்காமல் நம்புவதில்லையாம். எங்களுக்கு ஒரு பாதுஷா என்றால் அவர்களுக்கு ஒரு மைசூர்பாகு. மாவை அவரே அளந்து கொடுத்தார். நான் வாழைக்காய் சீவினேன். மச்சான் என் சீவலைப் பார்த்துவிட்டு, பஜ்ஜியா அடையா என்று கேட்டுவிட்டு அரிவாள்மணையைப் பிடுங்கிக்கொண்டார்.

கேசரி இறங்கியது. பஜ்ஜி பொன்னிறமாகத் தட்டில் ஏறியது. வாசலில் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. மில்காரர் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்து ரூமில் இருங்கள் என்று கெஞ்சி, எங்களைப் பிண்ணாக்கு மூட்டை அடுக்கிய அறைக்குள் தள்ளி, வெளியே தாழ்ப்பாள் போட்டார். அடுப்படிக்கும் அந்த அறைக்கும் நடுவில் மேலே சின்ன ஜன்னல் மாதிரி ஒரு பலகணி. காதைத் தீட்டினால் கூடத்தில் பேசுவதும் கேட்கும்.

எதற்கு ஒளிய வேண்டும் என்று எனக்கு அப்போதும் புரியவில்லை. கூடத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா குரல் வந்தபோதுதான் புரிந்தது. பஜ்ஜி நல்லா இருக்கே, யாரு போட்டது என்று கேட்டார் அந்த அம்மாள். மில்காரர் தயங்கவே இல்லை. எல்லாம் என் பொண்ணுதான், விடிஞ்சதிலேர்ந்து ஒண்டியா நின்னு பண்ணுது என்றார்.

அடப்பாவி! எங்கள் கைவேலையை எங்கள் சாம்பிள் என்று சொல்லி வாங்கிவிட்டு, அதைப் பெண்ணின் சாம்பிளாகக் காட்டுகிறான். இனி இந்த உலகத்தில் யாரிடமும் இது எங்கள் பஜ்ஜி என்று சொல்லிக்கொள்ளக்கூட முடியாது. நான் மச்சானைப் பார்த்தேன். அவர் பிண்ணாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து தும்மலை அடக்கிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா அதோடு விடவில்லை. எனக்கு மேலே ஒரு சந்தேகப் பேர்வழி உண்டென்று அன்றுதான் கண்டுகொண்டேன். ஆறிப்போச்சும்மா, எங்க, சூடா ரெண்டு போட்டு எடு, நானும் கூட வரேன் என்று எழுந்துவிட்டார். பெண்ணும் அந்த அம்மாளும் அடுப்படிக்கு வருகிற காலடி கேட்டது. பின்னாலேயே மில்காரர் இருமுகிற சத்தம்.

பலகணிக்குக் கீழே நானும் மச்சானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். விறகைத் தள்ளுகிற சத்தம். கிண்ணத்தில் கரண்டி இடிக்கிற சத்தம். பிறகு சொத்தென்று ஒன்று எண்ணெயில் விழுந்தது. சொய்ங் என்று வரவேண்டிய சத்தம் வரவில்லை. கல்லைக் கிணற்றில் போட்ட மாதிரி ஒரு அமைதி. மச்சானின் முகம் கோணியது. மறுபடியும் ஒரு சொத். அவர் கை வேட்டி முனையைப் பிசைந்தது. நான் அவர் வாயைப் பொத்தக் கையை நீட்டினேன். அதற்குள் மூன்றாவது விழுந்துவிட்டது.

"எண்ண காயல தாயி! எடுத்துரு!" என்று மச்சான் பலகணியைப் பார்த்துக் கத்தினார்.

பிறகு, "யாரு அது உள்ள?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். தாழ்ப்பாள் திறந்தது. திறந்தது அந்தப் பெண். முகத்தில் பயம் இல்லை. தலைவலி விட்ட மாதிரி இருந்தது. எங்கள் தலையிலும் மீசையிலும் பிண்ணாக்குத் தூள். மச்சான் அடக்கி வைத்த தும்மலையெல்லாம் அப்போதுதான் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே விட்டார்.

"இவங்கதான் பண்ணாங்க அத்த. எனக்கு பஜ்ஜி போட வராது. மில்லு கணக்கு நான்தான் பாக்கறேன், அது வரும்" என்றாள் பெண்.

மில்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளையின் அம்மா, எண்ணெயில் ஊறிச் சட்டியின் அடியில் கிடந்த மூன்றையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "உங்களுக்குக் கூலி குடுத்தாரா, இல்ல சும்மா இட்டாந்தாரா?" என்று என்னிடம் கேட்டார். முன்னாடியே வாங்கிவிட்டோம் என்றேன். வேலைக்காரனுக்குக் கூலி வைத்துவிட்டுத்தான் பொய் சொல்லியிருக்கிறார், அதுவரைக்கும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் கூடத்துக்குப் போய்விட்டார். ஓசியில் வந்திருந்தால் அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று இன்றும் யோசிப்பதுண்டு.

கூடத்தில் வெகுநேரம் பேசினார்கள். கடைசியில் மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. சம்மதம். பஜ்ஜி போட அவர்கள் வீட்டில் ஆள் இருக்கிறதாம். அவர்களது உர மூட்டை வியாபாரத்துக்குக் கணக்கு பார்க்கத்தான் ஆள் இல்லையாம்.

போகும்போது அடுப்படிக்கு மறுபடியும் வந்தார் அந்த அம்மாள். அவர்கள் அடி அண்ணாமலைக்காரர்கள். கல்யாணம் அவர்கள் வீட்டில்தான், சமையலுக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பது உண்மை என்றார். உடனே அடுத்ததும் வந்தது: "பஜ்ஜி பாத்துட்டேன். கொழம்பு எப்டின்னு தெரியலியே. ஒரு நாளு நம்ம வூட்டாண்ட வந்து சாம்பிளுக்கு..."

"கூலி உண்டுங்களா?" என்றேன் நான். வாய் என்னைக் கேட்காமலே கேட்டுவிட்டது. ஒரே ஒரு வார்த்தையில் பெரிய கல்யாணத்தைத் தொலைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம சத்தரத்துல இவங்க சாம்பாரு ரெண்டு வாட்டி வாங்கினேன்" என்று பின்னாலிருந்து மில்காரர் முனகினார். அவர் சொன்ன முதல் முழு உண்மை அதுதான். மாப்பிள்ளையின் அம்மா பெண் பார்த்த தட்டிலிருந்தே வெற்றிலை பாக்கை எடுத்து, அதன்மேல் அச்சாரத்தை வைத்து மச்சான் கையில் கொடுத்தார். என் கையில் கொடுக்கவில்லை. அவரும் சந்தேகப்படுகிறவர்தானே, யார் சமைப்பவன் என்று பார்த்த உடனே தெரிந்திருக்கிறது.

திருவண்ணாமலைக்குத் திரும்புகிற பஸ்ஸில் பாத்திரங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆவணிக் கல்யாணம் கையில் வந்துவிட்டது. இனி வேலூர் போகமாட்டீர்களே மச்சான் என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்த ஹோட்டல்காரன் ஒரு நாளு சும்மா வந்து சமச்சிக் காட்டச் சொன்னான். புடிச்சிருந்தா வெச்சிக்கறேன்னான்."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"கூலி கேட்டேன். அதோட ஆளையே காணோம்."

"எப்ப?"

"சித்திரையிலயே."

ஊரில் ஒருத்தர் விடாமல் எல்லோரையும் சந்தேகப்பட்டவன் நான். வேலூர் பஸ்ஸைக் கனவில் கண்டு கண்டு விழித்தவன் நான். பக்கத்திலேயே உட்கார்ந்து ஜாரணியைத் துடைத்துக்கொண்டிருந்த ஆளை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்படத் தோன்றவில்லை. அப்புறம் எதுக்கு இத்தனை நாளாக ஆடி ஆடி என்று மிரட்டினீர்கள் என்று கேட்டேன்.

"அப்பதான் நீ ஒழுங்கா அலஞ்சி ஆர்டர் புடிப்ப" என்றார் மச்சான். மடியிலிருந்த வாணலியை என் மடிக்கு மாற்றிவிட்டுத் தூங்கிப் போனார்.